ஹட்டனில் கடை போட்டேன்: பணம் போனதும் போகாததும்

வாடகைப் பேச்சு, ஒப்பந்தம், முற்பணம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. சாவி கைக்கு வந்த பிறகுதான் தலைவலி.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. விற்கப்போவது கொப்பி, கடதாசி, பேனை. பின்சுவருக்கு அப்பால் வெட்டிய மண்மேடு. சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. "பட்டி போட்டு ஒரு பூச்சுப் பூசினால் போதும், தம்பி" என்றார் கட்டடக்காரர். செலவு என்னுடையது அல்லவா!

பூசவில்லை. இரண்டடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக்கி ஒட்டினேன். இரண்டு நாள் விட்டால் தெரிந்துவிடும். வெளிப்பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் குறையும். உட்பக்கம் நனைந்தால் சுவரே கசிகிறது. எனக்கு உட்பக்கம் துளித்துளியாக நின்றது. பின்னால் போய்ப் பார்த்தால் கான் மண்ணும் சருகுமாக அடைத்துக் கிடந்தது. பொலித்தீனைக் காட்டிய பிறகுதான் கட்டடக்காரர் ஆள் வைத்து வெட்டினார். சுவரைக் காயவிட்டு, உரிந்ததைச் சுரண்டிச் சுண்ணாம்பு மட்டும் அடித்தேன். ஈரச் சுவரை எமல்ஷனால் மூடினால் அடுத்த மழைக்கே கொப்புளிக்கும்.

அடுத்தவர் தச்சு பாஸ். மெலமைன் ஒட்டிய பலகையில் சுவர் முழுக்க அலுமாரி அடிக்கலாம் என்று ஒரே பிடி. வெட்டுத் துண்டொன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டேன். காலையில் ஓரம் பாண் போல ஊதியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எடையும் சிக்கல்தான். ஏ4 ரீம் ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. ஒரு தட்டில் பத்து வைத்தால் இருபத்தைந்து கிலோ. மூன்றடி நீளத் தட்டு நடுவில் தாங்கலின்றி மெல்ல வளைந்துவிடும்.

ஆகவே துளையிட்ட இரும்பு ஆங்கிளில் ராக்கை. அதற்காகக் கண்டிக்கு பஸ் ஏறியதுதான் வயிற்றெரிச்சல். மூலைக்கு வைக்கும் முக்கோணத் தகடுகளைக் கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை, அண்ணன், நட்டை இறுக்கினால் நிற்கும்" என்றார் கடைக்காரப் பையன். நிற்கவில்லை, பக்கவாட்டில் ஆடியது. தகட்டுக்காகவே மறுபடி கண்டி. பஸ் காசு தகட்டின் விலையை மிஞ்சியது. பில் போடும்போதே மூலைத் தகடு, நட்டு, வொஷர் மூன்றையும் எண்ணி வாங்குங்கள். ராக்கையைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்துங்கள், அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும்.

சீலிங்கை விட்டுவிட்டேன். குளிர் இரவுகளில் தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டும், ஜிப்சம் பலகை அதைக் குடித்துக் கறுத்துப்போகும். அந்தக் காசில் வயரிங்கை மாற்றி, ட்ரிப் சுவிட்ச் போட்டு, இரண்டு எல்இடி டியூப்களை அறை நடுவில் அல்லாமல் ராக்கைகளுக்குச் சற்று முன்னால் மாட்டினேன். பிற்பகலில் மூடுபனி இறங்கும்போது எதிர்க்கடையில் சாமானைத் தடவித் தேடுகிறார்கள். என் கடையில் கொப்பி அட்டையின் விலையைத் தெருவில் நின்றே வாசிக்கலாம்.