18,800 ரூபாய் எங்கே போனது? ஒரு இருப்பாய்வுக் கணக்கைச் சரிசெய்த கதை

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ஒரு வகைக் கேள்வி உண்டு. எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாக எழுதி, இரு பக்கக் கூட்டலும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியல்தான் இருப்பாய்வு. அனுபவமில்லாத கணக்காளர் ஒருவர் தயாரித்த இருப்பாய்வைக் கொடுத்துவிட்டு, திருத்தி எழுதச் சொல்வார்கள். தேர்வுக்குப் படிக்கும்போது அப்படி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பற்றுப் பக்கம் 2,55,600, வரவுப் பக்கம் 2,36,800. வித்தியாசம் 18,800.

முதலில் கூட்டலையே சோதித்தேன். மேலிருந்து கூட்டினால் கண் பழைய விடையை நோக்கியே போகும் என்பதால் கீழிருந்து மேலாகக் கூட்டினேன். கூட்டலில் பிசகு இல்லை.

அடுத்து எங்கள் டியூஷன் சார் சொல்லித்தந்த வழி. 18,800 என்ற தொகை பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதில் பாதியான 9,400 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி எதற்கு என்றால், ஒரு இருப்பு பக்கம் மாறி உட்கார்ந்தால் போன பக்கத்தில் கூடுகிறது, இருக்க வேண்டிய பக்கத்தில் குறைகிறது. அதனால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்காகத் தெரியும். இரண்டு தொகையுமே பட்டியலில் இல்லை. தவறு ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சோதனை நேராகக் காட்டிக்கொடுக்கும். இங்கே ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சரி, ஒவ்வொரு வரியாகப் போவது என்று முடிவு செய்தேன். சொத்து, செலவு, நட்டம், எடுப்புகள் என்றால் பற்று. முதல், பொறுப்பு, வருமானம், இலாபம் என்றால் வரவு. இப்படிக் கேட்டுக்கொண்டே போனதில் முதலில் மாட்டியது இறுதிச் சரக்கிருப்பு 20,000. சொத்துதானே என்று கணக்காளர் பற்றில் எழுதிவிட்டார். சொத்துதான், ஆனால் ஆண்டின் கடைசி நாளில் கிடங்கில் கிடக்கும் அந்தச் சரக்கின் விலை, தொடக்கச் சரக்கிருப்பிலோ கொள்முதலிலோ ஏற்கெனவே பற்றில் ஏறிவிட்டது. மறுபடி எழுதினால் ஒரே சரக்கை இரண்டு முறை எண்ணியதாகும். கொள்முதல் கணக்கிலேயே சரக்கிருப்பைச் சரிக்கட்டி, 'சரிக்கட்டப்பட்ட கொள்முதல்' என்று கேள்வியில் கொடுத்திருந்தால் மட்டும் இறுதிச் சரக்கிருப்பு இருப்பாய்வுக்குள் வரும். அப்போது தொடக்கச் சரக்கிருப்பு அதில் இருக்காது. இங்கே தொடக்கச் சரக்கிருப்பு தனியாக இருந்தது. எனவே 20,000 வெளியே போனது.

இப்போது பற்று 2,35,600, வரவு 2,36,800. வித்தியாசம் 1,200 ஆகச் சுருங்கியது, ஆனால் இந்தத் தடவை வரவுப் பக்கம் கூடுதல்.

ஆசைகாட்டும் இடம் இதுதான். பட்டியலில் 'அளித்த தள்ளுபடி 1,200' என்று ஒரு வரி இருந்தது. தொகை அச்சாகப் பொருந்துகிறதே என்று அதில் கை வைக்கத் தோன்றும். ஆனால் நாம் அளித்த தள்ளுபடி நமக்கு நட்டம். அது பற்றில் சரியான இடத்திலேயே இருந்தது. அதை வரவுக்குத் தள்ளிப் பார்த்தால் வித்தியாசம் 3,600 ஆகிவிடும். தொகை பொருந்துவதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கு இருக்கும் பக்கம் சரியா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

பாதி 600. அந்தத் தொகையில் எந்த வரியும் இல்லை. ஆனால் இரண்டு வரிகளின் வித்தியாசம் 600 ஆக வந்தது: உள்திருப்பம் 3,000, வெளித்திருப்பம் 2,400. இரண்டும் பக்கம் மாறியிருந்தன. உள்திருப்பம் என்பது நாம் விற்ற சரக்கு நம்மிடமே திரும்பி வருவது. விற்பனையைக் குறைக்கிறது, எனவே பற்று. வெளித்திருப்பம் நாம் வாங்கியதைத் திருப்பி அனுப்புவது. கொள்முதலைக் குறைக்கிறது, எனவே வரவு. 'உள்ளே வருகிறது, அதனால் வரவு' என்று பெயரைப் பார்த்து எழுதுபவர்கள் நிறையப் பேர். கேள்வி தயாரிப்பவருக்கும் அது தெரியும்!

இரண்டையும் மாற்றி எழுதியதும் இரு பக்கமும் 2,36,200.

வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு முடித்துவிடலாமே என்று கேட்கலாம். பிழையைக் கண்டுபிடிக்க முடியாதபோது தற்காலிகமாக வைப்பதுதான் அனாமத்து. இந்த வகைக் கேள்வியில் பிழை கண்ணெதிரே இருக்கிறது, கேட்பதும் அதைத்தான்.

இன்னொரு விஷயம் அப்புறம்தான் உறைத்தது. இரண்டு திருப்பங்களும் ஒரே தொகையாக, இரண்டுமே 3,000 என்று இருந்திருந்தால், பக்கம் மாறியது கூட்டலில் தெரியவே தெரியாது. இறுதிச் சரக்கிருப்பை எடுத்ததுமே இரு பக்கமும் சமமாகி, இரண்டு தவறோடு விடைத்தாளை மூடியிருப்பேன். அதனால் இப்போதெல்லாம் கூட்டல் சமமாக வந்த பிறகும் திருப்பங்கள், தள்ளுபடிகள், பெறுதற்குரிய மற்றும் செலுத்துதற்குரிய மாற்றுச்சீட்டுகள் ஆகிய இரட்டை வரிகளை மட்டும் இன்னொரு முறை பார்க்கிறேன்.