ஏழாவது வகுப்பின் ஸ்லைடில் இல்லாத ஒரு வரி

டெங்குவில் ஒன்பது நாள் படுத்திருந்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியபோது மெஷின் லேர்னிங் பாடத்தில் நான் தவறவிட்டது ஒரே ஒரு வகுப்புதான், ஆறாவது. ஏழாவது வகுப்பில் உட்கார்ந்தேன். பாடம் பிசிஏ, அதாவது பிரின்சிபல் காம்பொனன்ட் அனாலிசிஸ், டேட்டா புள்ளிகள் எந்தத் திசையில் அதிகம் பரவியிருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் முறை. ஸ்லைடுகள் குரூப்பில் வந்துவிட்டன. ஆறாவது வகுப்பு பெரும்பாலும் போர்டில் நடந்ததாம், அதற்கு ஸ்லைடே கிடையாது. அந்த ஒரு வகுப்பு எனக்குப் பத்து நாளையும் அசைன்மென்டில் ஆறு மார்க்கையும் எடுத்துக்கொண்டது.

முதலில் போனது மூன்று நாள். ஸ்லைடு புரியவில்லை என்றதும், லீனியர் அல்ஜிப்ராவில்தான் நான் வீக் என்று நானே முடிவு செய்து, வெக்டர் என்றால் என்ன என்பதிலிருந்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். மூன்று நாள் கழித்து அதே ஸ்லைடைத் திறந்தால் அதே இடத்தில்தான் நின்றது. பாடத்தின் அடிவாரத்துக்கே போகாதீர்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது ஒரு முழுப் பாடம் இல்லை. இரண்டு வரிகளுக்கு நடுவில் யாரோ சொல்லி முடித்துவிட்ட ஒரு விஷயம். அது எந்த இரண்டு வரி என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து சாரின் அறைக்குப் போனேன். "சார், பிசிஏ புரியல" என்றேன். "அதெல்லாம் போன கிளாஸ்லயே முடிச்சாச்சும்மா, யாராவது ஒருத்தர்கிட்ட நோட்ஸ் வாங்கிப் பாரு" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்தபோது கண் கலங்கிவிட்டது. பஸ் பிடித்து அதற்காகவே வந்திருந்தேன். ஆனால் அவரிடம் நான் கேட்டதில் கேள்வி என்று எதுவும் இல்லை என்பது இப்போது தெரிகிறது.

அன்று ராத்திரி ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் முதல் ஐந்து ஸ்லைடில் வரும் ஒவ்வொரு குறியீடும், வலது பக்கம் அது என்னவென்று சொல்லும் ஸ்லைடின் எண். மூன்றாவது ஸ்லைடில் X என்றால் n வரிசை, d நெடுவரிசை கொண்ட டேட்டா மேட்ரிக்ஸ் என்று இருந்தது. கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் S = XᵀX / n என்றும் அங்கேயே இருந்தது. நாலாவதில், w என்பது நாம் தேடும் திசை, wᵀw = 1 என்ற நிபந்தனையோடு wᵀSw-ஐ அதிகபட்சமாக்க வேண்டும். ஐந்தாவதில் ஒரே வரி: 2Sw − 2λw = 0, எனவே Sw = λw. தாளில் வலது பக்கம் காலியாக இருந்த ஒரே குறியீடு λ.

எனக்கு λ என்றால் ஐகன்வேல்யூ என்று பழக்கம். அதனால் ஐந்தாவது ஸ்லைடு வட்டமடிப்பது போலத் தெரிந்தது. ஐகன்வேல்யூவை முதலிலேயே உள்ளே போட்டுவிட்டு, கடைசியில் பாருங்கள், ஐகன்வெக்டர் வந்துவிட்டது என்றால் எதை நிரூபித்தார்கள்? இந்தக் கேள்வி எழுந்ததே பெரிய விஷயம். "புரியல" என்ற மூட்டத்துக்குள்ளிருந்து கேட்கத்தக்க ஒரு கேள்வி வெளியே வந்தது.

விடை தோழியின் நோட்டில் அரைப் பக்கத்தில் கிடைத்தது. ஆறாவது வகுப்பின் கடைசிப் பகுதி லக்ராஞ்ச் மல்டிப்ளையர். wᵀSw-ஐ மட்டும் தனியாக அதிகபட்சமாக்க முடியாது, ஏனென்றால் w-ஐ இரண்டு மடங்காக்கினால் அதன் மதிப்பு நாலு மடங்காகும், இப்படியே ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் w-இன் நீளத்தை 1 என்று கட்டிப்போடுகிறார்கள். அப்படிக் கட்டிப்போட்ட பிறகு உச்சம் வரும் இடத்தில், wᵀSw-இன் கிரேடியன்டான 2Sw-ம் நிபந்தனையின் கிரேடியன்டான 2w-ம் ஒரே கோட்டில் அமைய வேண்டும். ஒன்று மற்றொன்றின் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்தான் λ. அது உள்ளே நுழையும்போது வெறும் மடங்கு. Sw = λw என்ற வரி வந்த பிறகுதான் அது S-இன் ஐகன்வேல்யூ என்று தெரிகிறது. இரண்டு பக்கமும் wᵀ-ஆல் பெருக்கினால் wᵀSw = λ என்று வரும். ஆகவே மிகப் பெரிய λ-வுக்கு உரிய w-தான் முதல் காம்பொனன்ட். வட்டம் எதுவும் இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். தாளில் காலியிடம் ஏதும் பாக்கியில்லை. உண்மையில் என்னைக் கவிழ்த்தது நிரம்பியதாகத் தெரிந்த ஒரு வரி.

பார்முலாவைச் சரிபார்க்க மூன்று புள்ளிகளை எடுத்துக் கையால் போட்டுப் பார்த்தேன்: (−1, 1), (0, 0), (1, −1). XᵀX-இன் மூலைவிட்டத்தில் இரண்டு 2, மற்ற இரண்டு இடத்திலும் −2. பெரிய ஐகன்வேல்யூ 4, அதன் திசை (1, −1). தாளில் புள்ளிகளை வரைந்தாலும் அதே சாய்வு. நிம்மதியாகத் தூங்கினேன். அதே பார்முலாவை அசைன்மென்டின் டேட்டாவில் புரோகிராமாக எழுதிப் போட்டேன். முதல் காம்பொனன்டே கிட்டத்தட்ட எல்லா வேரியன்ஸையும் எடுத்துக்கொண்டது என்று விடை வந்தது. அதைச் சந்தேகப்படாமல் சமர்ப்பித்தேன். பத்துக்கு நாலு வந்தது. அதே டேட்டாவை scikit-learn-இல் ஓட்டியவர்களின் விடை வேறாக இருந்தது. என் புரோகிராமில் பிழையே இல்லை, ஸ்லைடில் இருந்ததை வரி பிசகாமல் எழுதியிருந்தேன்.

அப்புறம்தான் சோதனைக்கு எடுத்த எண்களையே சந்தேகப்பட்டேன். அதே மூன்று புள்ளிகளை இரண்டு அச்சிலும் 5 தள்ளி வைத்தேன்: (4, 6), (5, 5), (6, 4). புள்ளிகளின் சாய்வு மாறவில்லை, இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. எனவே காம்பொனன்டின் திசையும் மாறக் கூடாது.

```python
import numpy as np
X = np.array([[4, 6], [5, 5], [6, 4]])
print(np.linalg.eigh(X.T @ X / 3))

Xc = X - X.mean(axis=0)
print(np.linalg.eigh(Xc.T @ Xc / 3))
```

முதல் print-இன் விடையில் ஐகன்வேல்யூக்கள் 1.33-ம் 50-ம். பெரியதான 50-இன் திசை (1, 1). அதாவது சரியான திசைக்கு நேர் செங்குத்து! அந்தத் திசையில் புள்ளிகளைப் பொருத்திப் பார்த்தால் மூன்றுமே ஒரே இடத்தில் போய் விழுகின்றன. கொஞ்சம்கூடப் பரவல் இல்லாத திசையைத்தான் அதிகம் பரவிய திசை என்று என் புரோகிராம் சொல்லியிருக்கிறது. போதாததற்கு மொத்தத்தில் 97 சதவீதத்துக்கு மேல் அதற்கே கொடுத்திருக்கிறது. சராசரியைக் கழித்த இரண்டாவது விடையில் அது 0 ஆகிவிடுகிறது, (1, −1) திசைக்கு 1.33 கிடைக்கிறது. (உங்கள் திரையில் குறிகள் தலைகீழாக வரலாம், 0-க்குப் பதிலாக மிகச் சிறிய ஓர் எண்ணும் வரலாம். இரண்டும் பிழையில்லை.)

காரணம் எளிது. XᵀX / n கோவேரியன்ஸ் ஆவது ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்த பிறகுதான். கழிக்காவிட்டால், புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதோடு, மொத்தக் கூட்டமும் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் கலந்துவிடும். என் புரோகிராம் காட்டிய (1, 1) அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியான (5, 5)-ஐ நோக்கிய திசை. scikit-learn-இன் PCA சராசரியைத் தானே கழித்துவிடுகிறது. அதை அப்படியே பயன்படுத்தியவர்களுக்கு இந்தப் பள்ளம் கண்ணில்கூடப் படவில்லை.

சராசரியைக் கழிக்கச் சொல்லும் வரி தோழியின் நோட்டில் இல்லை, இன்னும் இரண்டு பேரின் நோட்டிலும் இல்லை. போன வருடம் இதே பாடம் எடுத்த சீனியர் அக்கா ஒருவரின் நோட்டில், ஆறாவது வகுப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இனிமே வர எல்லா X-ம் mean கழிச்சது." சார் போர்டில் எழுதாமல் வாயால் சொன்ன வரியாக இருக்க வேண்டும். தவறவிட்ட வகுப்புக்கு ஒரே ஒரு நோட்டை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். போர்டில் இருந்ததை எல்லோரும் எழுதுவார்கள். "இனிமேல் இப்படித்தான்" என்று வாயால் சொல்வதை ஒருவர் எழுதினாலே அதிர்ஷ்டம். நோட்டு கேட்கும்போது, "அந்த கிளாஸ்ல இனிமே இப்படி வச்சுக்கலாம்னு சார் ஏதாவது சொன்னாரா?" என்று அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, சோதனைக்கு எடுக்கும் எண்கள். −1, 0, 1 என்று கைக்கு எளிதானவற்றைத்தான் மனசு தேடும். அவற்றின் சராசரி ஏற்கெனவே பூஜ்யம். நான் அறியாத நிபந்தனையை அந்த எண்கள் தாமாகவே நிறைவேற்றிவிட்டன, அதனால் ஓட்டை தெரியவில்லை. பூஜ்யத்திலிருந்து தள்ளி இருக்கும், ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்களை எடுங்கள். கணக்குப் போடும் முன்பே விடை எந்தத் திசையில் வர வேண்டும் என்று படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடின் பார்முலா அந்தப் படத்தோடு மோதினால், உங்கள் கூட்டல் கழித்தலை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, உடனே அந்த பார்முலாவில் உள்ள குறியீடுகளுக்குத் திரும்புங்கள். S, λ போன்றவற்றைவிட, பார்த்ததும் புரிந்துவிட்டதாகத் தோன்றும் X-ஐத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சோதனை எல்லா ஓட்டையையும் காட்டாது. λ எங்கிருந்து வந்தது என்பதை எந்த எண்ணைப் போட்டாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, அதற்கு அந்தத் தாள்தான் வேண்டும்.

மறுபடி சாரின் அறைக்குப் போனபோது கையில் ஒரே ஒரு தாள். "சார், மூணாவது ஸ்லைடுல X-ன்னு இருக்கிறது mean கழிச்சதா, கழிக்காததா? கழிக்காம இந்த மூணு புள்ளியைப் போட்டா திசை செங்குத்தா வருது" என்றேன். தாளை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். "கழிச்சதுதான்மா. ஆறாவது கிளாஸ்ல சொன்னேன், ஸ்லைடுல போடலை" என்றார். உட்காரச் சொன்னார். லக்ராஞ்ச் பற்றி நான் புரிந்துகொண்டது சரிதானா என்றும் கேட்டுக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

மார்க்கை மாற்ற முடியாது என்றார், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று சாயங்காலமே குரூப்பில் ஏழாவது வகுப்பின் ஃபைல் மறுபடி வந்தது. மூன்றாவது ஸ்லைடில், X-க்குப் பக்கத்தில், "ஒவ்வொரு நெடுவரிசையின் சராசரியும் கழிக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.