பந்து எவ்வளவு உயரம் எம்பியது என்று காதால் அளந்த கதை

மூன்று வாரமாக ஒரு ரப்பர் பந்தைத் தரையில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். 6 செ.மீ. விட்டம், உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டியான பந்து. ஒரு குறிப்பிட்ட உயரத்திலிருந்து விட்டால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு உயரம் எம்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா, சொன்னபடி அது நடக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

கணக்கு சிறியதுதான். தரையில் மோதும் முன் பந்துக்கு இருந்த வேகத்தையும் மோதி எழும்போது இருக்கும் வேகத்தையும் ஒப்பிட்டால் வருவது மீட்சியளிப்பு குணகம். அதை e என்று எழுதுவார்கள். எழும் வேகத்தை மோதும் வேகத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். e 1 ஆக இருந்தால் பந்து விட்ட உயரத்துக்கே திரும்பி வரும். 0 ஆக இருந்தால் களிமண் உருண்டை போல அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

வேகத்தை நேரடியாக அளப்பது சிரமம். உயரத்தை அளக்கலாம். உயரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், எம்பிய உயரத்தை விட்ட உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் e கிடைத்துவிடும். அதையே திருப்பிப் போட்டால் n ஆவது துள்ளலின் உயரம்:

```
h_n = h_0 × e^(2n)
```

இங்கே e அல்ல, e-யின் இருமடிதான் உயரத்தைக் குறைக்கிறது. e 0.82 என்றால் ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் 82 சதவீதமாகக் குறையாது, 67 சதவீதமாகக் குறையும். வேகத்தில் 18 சதவீதம் போவது சிறிய இழப்பாகத் தெரியும். ஆனால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு ஒரே மோதலில் போய்விடுகிறது.

முதல் வாரம் டேப்பும் கேமராவும். சுவரில் அளவு டேப்பைச் செங்குத்தாக ஒட்டி, பந்தைச் சுவருக்கு அருகில் பிடித்து, அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து சரியாக 100 செ.மீ. இருக்கும்படி வைத்து விட்டேன். கைபேசியில் ஸ்லோ மோஷன் காணொளி. ஒவ்வொரு துள்ளலின் உச்சியிலும் காணொளியை நிறுத்தி, பந்தின் மேல் விளிம்பு டேப்பில் எங்கே நிற்கிறது என்று படித்தேன். மேல் விளிம்புதான் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. விட்ட இடத்தையும் அதே மேல் விளிம்பில் படித்தால் நியாயமாக இருக்கும் என்று நினைத்து 106 என்று எழுதிக்கொண்டேன். அடுத்தடுத்து வந்தவை 73, 51, 36.5, 27, 20.

இவற்றை வைத்து e கணக்கிட்டால் 0.83, 0.84, 0.85, 0.86, 0.86. துள்ளத் துள்ளக் கூடிக்கொண்டே போகிறது! மெதுவாக மோதினால் ரப்பர் குறைவாக நசுங்கும், குறைவான ஆற்றல் வீணாகும், அதனால் e சற்றுக் கூடலாம் என்பது உண்மைதான். ஆகவே அதைத்தான் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் நம்பினேன். பத்து முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஏறுமுகம். தற்செயல் பிழை என்றால் ஏறியும் இறங்கியும் வரும். ஒரே பக்கமாக நகர்ந்தால் ஒன்று அது உண்மையான விளைவு, இல்லையென்றால் ஒவ்வொரு அளவிலும் ஒரே பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காணொளியைக் கடைசிவரை ஓடவிட்டபோதுதான் பிடிபட்டது. பந்து துள்ளி முடித்து அசையாமல் தரையில் கிடக்கிறது. டேப்பில் அதன் மேல் விளிம்பு 6 செ.மீ. காட்டுகிறது. உயரம் பூஜ்யமாக இருக்க வேண்டிய பந்துக்கு நான் 6 செ.மீ. கொடுத்து வந்திருக்கிறேன். 106-இல் ஒரு 6 கூடுதலாக இருந்தால் பெரிய வித்தியாசம் வராது. 20-இல் 6 என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. விகிதம் பின்னால் போகப் போக ஏறியதற்குக் காரணம் இதுதான். பந்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதே கணக்குக்கு வேண்டிய உயரம். எல்லாவற்றிலும் 6 கழித்தேன்: 100, 67, 45, 30.5, 21, 14. இப்போது e 0.82, 0.82, 0.82, 0.83, 0.82. ஏறுமுகம் மறைந்துவிட்டது. நீங்கள் செய்து பார்த்தால் முதலில் பந்தைத் தரையில் சும்மா வைத்து அளவுகோலில் என்ன படிக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் இன்னொரு கேள்வி வந்தது. மெதுவாக மோதும்போது e உண்மையிலேயே கொஞ்சமாவது கூடுகிறதா? டேப்பால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 20 செ.மீ. உயரத்தில் ஒரு செ.மீ. தவறாகப் படித்தால் உயரத்தில் 5 சதவீதம் பிழை, e-யில் 2.5 சதவீதம். கேமரா ஒரே உயரத்தில் நிற்கிறது, பந்தோ டேப்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பார்க்கும் கோணம் மாற மாற எண்ணும் நகர்கிறது. ஒரு செ.மீ. பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, உயரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பந்து ஒரு முறை தரையில் தட்டியதற்கும் அடுத்த முறை தட்டியதற்கும் இடைப்பட்ட நேரத்தை T என்போம். அதில் பாதி மேலே போகும் நேரம், பாதி கீழே வரும் நேரம். ஓய்விலிருந்து T/2 நேரம் விழுந்தால் கடக்கும் தூரம்தான் அந்தத் துள்ளலின் உயரம்:

```
h = g × T^2 / 8
```

g-ஐ 9.8 என்று வைத்துக்கொண்டால், T-யின் இருமடியை 1.225 ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு. எழும் வேகமும் T-யும் நேர்விகிதத்தில் இருப்பதால், அடுத்த இடைவெளியை முந்தைய இடைவெளியால் வகுத்தாலே e. வர்க்கமூலம் தேவையில்லை, g தேவையில்லை, எந்த உயரத்திலிருந்து விட்டோம் என்பதுகூடத் தேவையில்லை. தரை சமமாக இருந்தால் பந்து கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் கவலையில்லை, அது மேலே கீழே போய்வரும் நேரத்தை மாற்றாது.

கைபேசியைத் தரையில், பந்து விழும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து ஒலிப்பதிவு செய்தேன். பதிவைக் கணினியில் திறந்தால் ஒவ்வொரு தட்டலும் ஒரு கூர்மையான முள் போல எழுந்து நிற்கும். முள்ளின் உச்சியைக் குறிக்கக் கூடாது, அது ஒவ்வொரு தட்டலிலும் கொஞ்சம் முன்பின் நகரும். அமைதியான கோடு முதன்முதலில் அசையும் இடத்தைக் குறிக்க வேண்டும். முதலில் பயன்படுத்திய ஒலிப்பதிவுச் செயலி, இரைச்சலைக் குறைக்கிறேன் என்று பின்பகுதித் தட்டல்களையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இரைச்சல் குறைப்பை நிறுத்திவிட்டுப் பதிந்த பிறகு எல்லாம் தெரிந்தன.

100 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட ஒரு பதிவில் தட்டல்கள் விழுந்த நொடிகள்: 2.318, 3.059, 3.666, 4.165, 4.576, 4.915. இடைவெளிகள் 0.741, 0.607, 0.499, 0.411, 0.339. இவற்றிலிருந்து வரும் உயரங்கள் 67.3, 45.1, 30.5, 20.7, 14.1 செ.மீ. டேப்பில் அரைகுறையாகப் படித்ததோடு அழகாக ஒத்துப்போகிறது.

e எப்போதும் 0.82 என்று வைத்து முன்கூட்டிக் கணித்திருந்த உயரங்கள் 67.2, 45.2, 30.4, 20.4, 13.7. முதல் மூன்று துள்ளல்களில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். நான்காவதில் 3, ஐந்தாவதில் 4 மில்லிமீட்டர், இரண்டிலும் பந்து கணிப்பைவிட மேலே போகிறது. இடைவெளிகளின் விகிதத்தைப் பார்த்தால் 0.819, 0.822, 0.824, 0.825. ஆக, நான் முதல் வாரம் நம்பியது முழுப் பொய் அல்ல. e கூடத்தான் செய்கிறது, ஆனால் 0.83-இலிருந்து 0.86-க்கு அல்ல, அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும். ஆறு பதிவுகளிலும் இதே போக்கு இருந்ததால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

இடையில் டேபிள் டென்னிஸ் பந்தையும் போட்டுப் பார்த்தேன். அதில் கதையே வேறு. 1 மீட்டரிலிருந்து விட்டால் முதல் துள்ளலில் e 0.79 போலத் தெரிகிறது. ஐந்தாவது துள்ளல் வாக்கில் 0.87 ஆகிவிடுகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு முக்கியக் காரணம் காற்று. 40 மி.மீ. விட்டம், 2.7 கிராம் எடை. 1 மீட்டர் விழுந்து தரையைத் தொடும் நேரத்தில் காற்றின் தடை அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. விழும்போதும் இழக்கிறது, எழும்போதும் இழக்கிறது. அந்த இழப்பையெல்லாம் நம் சூத்திரம் தரையின் தலையில் கட்டிவிடுகிறது. டேபிள் டென்னிஸ் விதிகளில் 30 செ.மீ.-இலிருந்து விட்ட பந்து மேசையில் சுமார் 23 செ.மீ. எம்ப வேண்டும் என்று இருக்கிறது. அது e 0.88-க்குச் சமம். அந்த உயரத்தில் காற்று அவ்வளவாகக் குறுக்கிடாது. லேசான பந்தை வைத்துச் செய்பவர்கள் 30 செ.மீ.-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

e பந்துக்கு மட்டும் சொந்தமல்ல, தரைக்கும் சேர்த்துத்தான். அதே ரப்பர் பந்தைத் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் ஒரு தரைக்கல்லில் போட்டபோது 0.79 வந்தது. அடியில் வெற்றிடம் உள்ள கல் அது, அதுவும் கொஞ்சம் அதிர்ந்து ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. அதனால் சோதனை முழுவதையும் சாக்பீஸால் குறித்த ஒரே கல்லில் செய்தேன்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. சூத்திரப்படி துள்ளல்களுக்கு முடிவே இல்லை. உயரம் குறைந்துகொண்டே போகும், பூஜ்யமாகாது. ஆனால் இடைவெளிகள் ஒரு பெருக்குத் தொடராகச் சுருங்குவதால் மொத்த நேரத்துக்கு முடிவு உண்டு: முதல் இடைவெளியை (1 − e) ஆல் வகுக்க வேண்டும். 0.741-ஐ 0.18 ஆல் வகுத்தால் 4.12 நொடி. பின்னால் e சற்றுக் கூடுவதையும் சேர்த்தால் 4.2 நொடி. அதே பதிவின் வால் பகுதியைப் பெரிதாக்கி முட்களை எண்ணினேன். 19 தட்டல்கள் வரை பிரித்துப் பார்க்க முடிந்தது. முதல் தட்டலிலிருந்து 19 ஆவது வரை 4.06 நொடி. கடைசி இரண்டுக்கும் இடையே 0.028 நொடி, அதாவது பந்து ஏறக்குறைய 1 மி.மீ. எம்பியிருக்கிறது. அதற்கு அப்பால் ஒரே கரகரப்பு, எது தட்டல் எது உருளல் என்று தெரியவில்லை.