முட்டைக்கோஸ் சாறு நீலமாக வந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குச் சிவப்பு முட்டைக்கோஸ் நிறங்காட்டி செய்துகாட்டும் வேலை ஒருவழியாக முடிந்தது. எலுமிச்சைச் சாற்றில் சிவப்பும் சலவைச் சோடாவில் பச்சையும் சிக்கல் இல்லாமல் வந்துவிட்டன. பாடுபடுத்தியது ஊதாவாக நிற்க வேண்டிய நடுநிலைதான்.

கையில் இருந்த செய்முறைத் தாள் 'நறுக்கிய இலையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டவும்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை இல்லை. குழாய்த் தண்ணீரில் கொதிக்கவைத்த சாறு, ஊதாவாக இல்லாமல் நல்ல நீலமாக இறங்கியது. காய்ச்சி வடித்த நீர் இருந்த சோதனைக் குழாயில் அதை விட்டதும் அதுவும் நீலமானது. "மிஸ், அப்போ இது காரமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். சுவரில் ஒட்டியிருந்த நிற அட்டவணைப்படி அவள் சொன்னது சரி.

காரணம் கடினநீர். அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் ஏற்கெனவே லேசான காரத்தன்மை கொடுக்கும். கொதிக்கவைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, காரத்தன்மை இன்னும் கொஞ்சம் ஏறும். இலையிலிருந்து இறங்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் அந்த நீரைத்தான் காட்டுகிறது, நாம் சோதிக்கும் பொருளை அல்ல. எலுமிச்சை போன்ற புளிப்பான அமிலம் இதை அமுக்கிவிடும் என்பதால் அங்கே தப்பு தெரியாது. நடுநிலையான பொருளும் லேசான அமிலமும்தான் மாட்டிக்கொள்ளும்.

காய்ச்சி வடித்த நீரிலேயே சாறு எடுத்தேன், அழகான ஊதா வந்தது. நீலச் சாற்றில் வினிகர் சொட்டி ஊதாவாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும்; வேண்டாம். நிறம் சரியாகிவிடும், ஆனால் பைகார்பனேட்டில் மிச்சம் உள்ளே இருந்துகொண்டு, அடுத்து விடும் லேசான அமிலத்தையும் காரத்தையும் ஓரளவு மட்டுப்படுத்தும்.

அப்புறம் காகிதம். அச்சிடும் வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டி நல்ல ஊதாச் சாற்றில் நனைத்தால், காயும்போது ஓரத்திலிருந்து நீலப்பச்சை பரவுகிறது. இப்போதைய தாள்களில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும், அதுவும் காரம்தான். வடிதாளில் செய்த கீற்று ஊதாவாகவே காய்ந்தது. அதன்மேல் வைத்த எலுமிச்சைச் சொட்டு, தெளிவான இளஞ்சிவப்பு வட்டமாக நின்றது. செம்பருத்திச் சாற்றுக்கும் இதே நீரும் இதே தாளும்தான் ஏற்றவை.

துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைச் சோதிக்கலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அது நிறப்பொருளையே அழித்துவிடுவதால் நிறம் மறைவதைக் கொண்டு அமிலமா காரமா என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே வினிகர் இருக்கும் மேசையில் இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

மிஞ்சிய சாற்றை வெளியே வைத்தால் ஓரிரு நாளில் நாற ஆரம்பித்துவிடும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த பிரிவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.