விளம்பரப் பின்னணி இசையை அடையாளம் காணும் செய்முறைப் பயிற்சி: ஷஸாம் கைவிரித்த பிறகு

ஒலித் தயாரிப்புப் படிப்புகளில் இப்படி ஒரு செய்முறைப் பயிற்சி கொடுப்பதுண்டு: 30 வினாடி விளம்பரம் ஒன்றைத் தந்து, பேச்சுக்கு அடியில் ஓடும் இசை, முன்பே அமைத்த இசையை உரிமத்தோடு விற்கும் எந்த ஸ்டாக் லைப்ரரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஆதாரத்தோடு எழுதச் சொல்வார்கள். எல்லோரும் முதலில், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் செயலியைத் திறப்பார்கள். திறக்கலாம், தப்பில்லை. ஆனால் அது ஏன் தோற்கிறது என்று புரிந்துகொண்டால், அடுத்து எங்கே தேட வேண்டும் என்பது அதிலிருந்தே கிடைத்துவிடும்.

ஷஸாம் ஒரு பாட்டின் உரத்த அதிர்வெண் புள்ளிகளையும் அவற்றுக்கிடையே உள்ள நேர இடைவெளியையும் கைரேகைபோல் சேமித்து வைத்து ஒப்பிடுகிறது. விளம்பரத்தில் உரத்துக் கேட்பது அறிவிப்பாளர் குரல். அவர் பேசும்போது இசையை வேண்டுமென்றே தாழ்த்தியிருப்பார்கள். அதற்கு மேல், இசையை 30 வினாடிக்குள் அடைக்க வேகத்தைக் கூட்டியிருந்தால் இடைவெளிகள் மாறி, ரேகையே வேறாகிவிடும். எத்தனையோ ஸ்டாக் டிராக்குகள் அதன் தரவுத்தளத்தில் இல்லை என்பது மூன்றாவது காரணம்.

விடை வராததைவிடத் தவறான விடை ஆபத்தானது. ஸ்டாக் இசையமைப்பாளர்கள் பலரும் திரும்பத் திரும்ப ஓடவிடும் சிறு இசைத்துண்டுகளான லூப்களின் ஒரே தொகுப்புகளை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். விளம்பரத்தில் உள்ள டிரம் லூப் வேறொரு பாட்டிலும் இருந்தால், ஷஸாம் அந்தப் பாட்டின் பெயரைத் தயங்காமல் சொல்லும். தாளம் மட்டும் ஒத்து, மெட்டு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த விடையை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் வேலை, நல்ல ஒலிப்பிரதி. வானொலியில் கேட்ட விளம்பரமாக இருந்தாலும் அதே விளம்பரத்தின் இணையப் பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். ஃபோன் மைக்கில் பிடித்த பதிவில் பெரும்பாலும் நல்ல ஸ்டீரியோ இருக்காது. நமக்கு ஸ்டீரியோ தேவை. குரல் பெரும்பாலும் இரு சேனல்களிலும் சமமாக நடுவில் நிற்கும், இசைக்கருவிகள் பக்கங்களில் விரிந்திருக்கும். ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் டிராக்கின் மெனுவில் `Split Stereo to Mono` கொடுத்து இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் அலையைத் தலைகீழாக்கும் `Effect > Special > Invert` போட்டு இரண்டையும் சேர்த்து இயக்கினால், நடுவில் உள்ள குரல் பெருமளவு அடங்கிவிடும். நடுவில் இருக்கும் பேஸும் கிக் டிரம்மும் கூடவே போய்விடும். மெட்டைக் கேட்க மிச்சமிருப்பதே போதும். குரலின் எதிரொலி மட்டும் ஆவிபோல் அலையும், பொருட்படுத்த வேண்டாம். இதையும் செய்ய முடியாத பிரதி என்றால், குரல் தொடங்கும் முன் உள்ள ஓரிரு வினாடிகளையும் கடைசியில் இசை முடியும் இடத்தையும் தனியே வெட்டி வையுங்கள்.

அடுத்து வேகம். 15 வினாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. எடுத்துக்காட்டுக்கு, யூகலேலி, சீழ்க்கை, கைத்தட்டல், கிளாக்கன்ஸ்பீல் எல்லாம் சேர்ந்த உற்சாகமான பின்னணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். (விளம்பர உலகம் இந்தக் கூட்டணியைச் சக்கையாகப் பிழிந்துவிட்டது.) எண்ணினால் 32 தட்டு, ஆக 128 பிபிஎம். லைப்ரரித் தேடலில் இப்படித் தொடங்கலாம்:

```
ukulele whistle claps glockenspiel happy
```

கருவிப் பெயர்களை முதலில் போடுங்கள். மனநிலைச் சொற்களை, டிராக்கைத் தளத்தில் ஏற்றுபவர் தன் விருப்பம்போல் எழுதுவார். யூகலேலியை யூகலேலி என்றுதான் எழுதியாக வேண்டும். பிபிஎம் வடிகட்டி இருந்தால் சரியாக 128 என்று வைக்காமல் 115 முதல் 135 வரை வையுங்கள். தட்டைப் பாதியாக எண்ணிப் பதிந்திருக்கலாம் என்பதால் 58 முதல் 68 வரையும் ஒருமுறை தேடுங்கள். ஆடியோஜங்கிள், பாண்ட்5, பிரீமியம்பீட் போன்ற தளங்களில் அதிகம் விற்றவை அல்லது பிரபலமானவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திக் கேட்பது நேரத்தை மிச்சப்படுத்தும். சில தளங்களில் ஒலிக்கோப்பையே ஏற்றித் தேடும் வசதி உண்டு. அது ஒத்த சாயலுள்ளவற்றைக் காட்டும், அதே டிராக் என்று உறுதி சொல்லாது.

இன்னொரு வழி, விளம்பர ஒலியை யூடியூப் ஸ்டுடியோவில் பிரைவேட் வீடியோவாக ஏற்றுவது. `Checks` கட்டத்தில் பதிப்புரிமைக் கோரல் வந்தால் டிராக்கின் பெயரே தெரிந்துவிடும். பெயரைக் குறித்துக்கொண்டு வீடியோவை நீக்கிவிடுங்கள். இதிலும் ஒரு பொறி: அதே ஸ்டாக் இசையின்மேல் யாராவது ராப் பாடி வெளியிட்டிருந்தால், கோரலில் அந்தப் பாட்டின் பெயர் வரக்கூடும்.

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். மெட்டு ஒத்துப்போகும் டிராக் ஒன்று அகப்பட்டது. ஆனால் பக்கத்தில் 120 பிபிஎம் என்று போட்டிருக்கிறது. இங்கேதான் பலர் "இது இல்லை" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிபிஎம்மில் நான்கு தட்டு கொண்ட 16 பார்கள் 64 தட்டு, அதாவது 32 வினாடி. அதை 30 வினாடியில் அடைத்தால் வேகம் சரியாக 128. எடிட்டர் ஒரு முழுப் பகுதியை வெட்டாமல் அப்படியே சுருக்கியிருக்கிறார் என்று ஊகிக்க இது போதும்.

சுருக்கியதில் சுருதியும் ஏறியதா என்பதை ட்யூனர் சொல்லும். வெறும் வேகத்தை மட்டும் கூட்டினால் சுருதி மாறாது. டேப்பை வேகமாக ஓட்டுவதுபோல் கூட்டியிருந்தால் ஒரு செமிடோனுக்குச் சற்று மேல் ஏறும். ட்யூனர் முள் எந்தச் சுரத்திலும் சரியாக நிற்காமல் கொஞ்சம் தள்ளியே நிற்கும். யூகலேலி இன்னொரு துப்பும் தருகிறது: அதன் தந்திகள் வழக்கமாக ஜி, சி, ஈ, ஏ. சி, எஃப், ஜி மேஜர்கள் கைக்கு எளிது. சி ஷார்ப் மேஜரில் ஒரு யூகலேலி டிராக் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

உறுதிசெய்ய விளம்பரப் பிரதியை மெதுவாக்க வேண்டும். சுருதி மாறவில்லை என்றால் `Change Tempo`, மாறியிருந்தால் `Change Speed and Pitch`. இரண்டும் `Effect > Pitch and Tempo` என்பதன் கீழ் இருக்கும். மதிப்பு -6.25 சதவீதம், ஏனெனில் 120ஐ 128ஆல் வகுத்தால் 0.9375. பிறகு லைப்ரரியின் மாதிரிக் கோப்பை இரண்டாவது டிராக்காகச் சேர்த்து, தெளிவான ஒரு கைத்தட்டலில் இரண்டையும் பொருத்தி ஒன்றாக இயக்குங்கள். ஒரே பதிவு என்றால் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, குழாய்க்குள் கேட்பதுபோல் ஒலி சுழலும். அதே மெட்டை வேறொருவர் வாசித்த பதிவு என்றால் தட்டுகள் இரட்டை இரட்டையாகக் கேட்கும். தொடக்கத்தில் பொருந்திக் கடைசியில் 0.3 வினாடி விலகினால், வேகக் கணக்கில் இன்னும் ஒரு சதவீதம் பிசகு இருக்கிறது. நடுவில் திடீரென விலகினால் அங்கே எடிட்டர் ஒரு பகுதியை வெட்டியிருக்கிறார். அந்த இடத்திலிருந்து மறுபடி பொருத்துங்கள். மாதிரிக் கோப்பில் இடையிடையே தளத்தின் பெயரைச் சொல்லும் குரல் வரும், அது இல்லாத இடத்தில் பொருத்துவது நல்லது.

விடைத்தாளில் தலைப்பை மட்டும் எழுதினால் பாதி விடைதான். ஒரே டிராக் வெவ்வேறு லைப்ரரிகளில் வெவ்வேறு தலைப்பில் விற்கப்படுவதுண்டு. தலைப்பு, இசையமைப்பாளர், லைப்ரரி, எந்தப் பதிப்பு (முழு நீளமா, 30 வினாடியா, டிரம்ஸ் இல்லாததா), விளம்பரத்தின் எந்த வினாடி டிராக்கின் எந்த வினாடியோடு பொருந்துகிறது, எத்தனை சதவீதம் வேகம் மாற்றினீர்கள் என்பவற்றை எழுதுங்கள். எங்கும் கிடைக்காவிட்டால், அந்த விளம்பரத்துக்கென்றே அமைத்த இசையாக இருக்கலாம். குரல் முடியும் இடங்களிலெல்லாம் இசையும் துல்லியமாக முடிந்து, பிராண்டின் சிறுமெட்டு பின்னணியிலேயே ஒலித்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அப்போது தேடிய லைப்ரரிகளையும் தேடல் சொற்களையும் பட்டியலிட்டு, "கண்டறியப்படவில்லை" என்று எழுதுவதே சரியான விடை.