மேற்படி தொட்டி

அரசு அலுவலகத்தில் 30 வருடம் கோப்பு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவனைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக்கினால் என்ன ஆகும்? பெரம்பூரில் உள்ள எங்கள் 24 வீட்டுக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்குத் தெரியும். நான் முதலில் ஒட்டியது இது:

"அனைத்துக் குடியிருப்பாளர்களுக்கும் இதன்மூலம் தெரிவிப்பது யாதெனில், மேல்நிலை மற்றும் கீழ்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளின் தூய்மைப் பணி வருகிற ஞாயிறன்று மேற்கொள்ளப்படவுள்ளதால், மேற்படி நாளில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும். ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

பிழை ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

10 மணிக்குத்தானே நிற்கும் என்று எல்லாரும் ஞாயிறு காலை 9 மணிக்குக் குடமும் டிரம்முமாகக் கிளம்பினார்கள். நாங்களோ முந்தின இரவே மோட்டாரை நிறுத்திவிட்டோம். நிறைந்த டேங்கைச் சாக்கடையில் திறந்துவிட யாருக்கு மனசு வரும்? இருப்பதைச் செலவழித்துக் காலியாக்குவதுதான் வழக்கம். அதை அறிவிப்பில் சொல்லத் தோன்றவில்லை. எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்ததும் மூன்றாவது மாடியில் நூலாய்ச் சொட்டியது. கீழ்வீட்டில் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. 9.20-க்கு டேங்க் காலி.

அடுத்தது மோட்டார். சம்புக்குள் இரண்டு பேர் இறங்கித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் வராத கோபத்தில் ஒருவர் வந்து சுவிட்சில் கை வைத்தார். எங்களுடையது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மோட்டார். கசிவு இருந்தால் உள்ளே ஈரத்தில் நிற்பவர் கதி என்ன? வாட்ச்மேன் ஓடிவந்து தடுத்தார். மெயினை இறக்கி ஃப்யூஸைக் கழற்றி வைத்திருக்க வேண்டியது நான்தான்.

மாலையில் மூன்றாவது கூத்து. தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்த குழாயை மூடாமலே ஒரு வீட்டார் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். புதுத்தண்ணீர் வந்ததும் அந்த வீட்டுக் குளியலறைத் தொட்டி நிரம்பி வழிந்து, கதவிடுக்கு வழியே படிக்கட்டில் இறங்கியது. கழுவி நிரப்பிய டேங்கில் பாதி போயிற்று.

"சார், நீங்க எழுதினதப் படிச்சுட்டு எல்லாரும் எங்கிட்டதான் வந்து கேட்டாங்க" என்றார் வாட்ச்மேன். என்ன கேட்டார்கள் என்றேன். தண்ணி எப்போ நிக்கும், சமையல்கட்டுக் குழாயிலயும் வராதா, வந்ததும் குடிக்கலாமா, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து அடுத்த கழுவலுக்கு உட்கார்ந்தபோது அந்தக் கேள்விகளைத்தான் முன்னால் வைத்துக்கொண்டேன்.

முதல் வரைவைப் பேச்சு வழக்கிலேயே எழுதினேன்: "வேணுங்கிற தண்ணிய சனிக்கெழமையே புடிச்சு வச்சுக்குங்க." நெருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி இரண்டு முறை படித்தார். பேச்சைக் காது உடனே வாங்கிக்கொள்ளும், எழுத்தில் பார்த்தால் கண் தடுக்குகிறது. பலகை முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டே படிக்கிறவருக்கு அது ஆகாது. ஆகவே எழுத்துத் தமிழே, ஆனால் வாக்கியம் சின்னது. 'நிறுத்தி வைக்கப்படும்' போய் 'நிறுத்துகிறோம்' வந்தது. யார் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியும்.

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாடி டேங்கையும் சம்பையும் கழுவுகிறோம். சனி இரவு 9 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவோம். வேண்டிய தண்ணீரை சனி மாலையே பிடித்து வையுங்கள். நமக்கு எல்லாக் குழாய்க்கும் ஒரே டேங்க்தான், சமையலறையிலும் வராது. வெளியே கிளம்பினால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் போங்கள். சம்புக்குள் ஆட்கள் இருப்பார்கள், மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். மாலை 5 மணிக்குள் தண்ணீர் வரும். லாரி தாமதமானால் வாட்ஸ்அப்பில் சொல்கிறேன். முதல் இரண்டு பக்கெட்டில் பிளீச்சிங் வாசனை அடிக்கும். அதைக் கழிவறைக்கு ஊற்றுங்கள். குடிக்க வேண்டாம், மீன் தொட்டியிலும் விட வேண்டாம். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்."

பழையதைப்போல இரண்டு பங்கு சொற்கள். சுருக்கமாக எழுதினால்தான் படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த ஞாயிறு வாட்ச்மேனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவை ஒருவர் தட்டினார், குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று. அது எனக்குத் தோன்றவே இல்லை. வாசனை போகும்வரை பொறுங்கள் என்றேன். அடுத்த முறை அந்த வரியும் ஏறும்.

பொருளாளருக்கு மட்டும் வருத்தம். சங்கத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்றார். கடைசியில் 'இங்ஙனம், செயலாளர்' என்று அவரே பேனாவால் சேர்த்தார். நானும் அடிக்கவில்லை.