டிராலி எந்தப் பக்கம் நின்றது?

மூன்றாவது முறையும் அவள் காயத்துக்கு டிரெஸிங் செய்யும் தேர்வில் தோற்றபோது, மதிப்பெண் தாளின் அடியில் தேர்வாளர் எழுதியிருந்தது இரண்டே சொல்: 'கவனம் போதாது'. முதல் தாளில் 'இன்னும் பயிற்சி தேவை', இரண்டாவதில் 'பதற்றம்'. பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. வள்ளி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேண்டாம். அவளுக்குக் கூடுதல் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்பதால் எழுதுகிறேன். மாணவிகள் படித்தாலும் நல்லதுதான்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு இதேபோல ஒரு மாணவி வந்தாள். "தினமும் லேபுக்கு வந்து பத்துத் தடவை செய்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளும் செய்தாள். ஆனால் தவறான பிடியோடு செய்ததால், அந்தத் தவறான பிடிதான் அவள் கையில் ஊறிப்போனது. எந்த இடத்தில் தவறுகிறாள் என்று பார்க்காமல் கொடுத்த பயிற்சி அது.

அதனால் இந்த முறை மாணவியைக் கூப்பிடுவதற்கு முன் அவளுடைய மூன்று மதிப்பெண் தாள்களையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செய்முறைத் திறனைச் செக்லிஸ்ட் வைத்துப் படிப்படியாக மதிப்பிடும் ஆஸ்கி தேர்வு முறையை ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து எழுதி அறிமுகப்படுத்தியபோது, எல்லா மாணவரையும் ஒரே அளவுகோலில் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. செக்லிஸ்ட் அதற்குத்தான். எந்தப் படியில் தவறு நடந்தது என்று அது சரியாகக் காட்டும். ஏன் நடந்தது என்பது அதில் இருக்காது. கை கழுவுதல், நோயாளியிடம் விளக்குதல், பழைய டிரெஸிங்கை எடுத்தல், முடித்தபின் பதிவு செய்தல் என்று எல்லாவற்றிலும் வள்ளிக்கு முழு மதிப்பெண். போனது முழுக்க நடுவில் இருக்கும் நான்கைந்து படிகளில்தான். முதல் தேர்வில் முழங்கை ஸ்டெரைல் தட்டுக்கு மேலாகப் போயிருக்கிறது. இரண்டாவதில் தட்டிலிருந்து எடுக்கும் ஃபோர்செப்ஸின் முனை, காயத்தைத் தொடும் ஃபோர்செப்ஸின் முனையைத் தொட்டுவிட்டது. மூன்றாவதில் காஸ் துண்டு விழுந்து, அதையே எடுத்திருக்கிறாள். மூன்றும் வெவ்வேறு தவறுகள். ஆனால் நடந்தது ஒரே கட்டத்தில், காஸை எடுத்துக் காயத்துக்குக் கொண்டுபோகும்போது. கவனக்குறைவு என்றால் அது இப்படி ஒரே இடம் பார்த்து வராது.

அதன்பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். ஸ்டாஃப் ரூமில் பேசவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல், லேப் காலியான பிறகு. மூன்று தாளையும் மேசையில் விரித்து, "எழுபது சதவீதப் படி உனக்குச் சரியா வருது, இந்த இடத்தில மட்டும்தான் சிக்கல். இந்த இடம் வரும்போது உனக்கு என்ன நடக்குது?" என்று கேட்டேன். "பயமா இருக்கும் மேம்" என்றாள். அந்தப் பதிலோடு நிறுத்தியிருந்தால் நானும் 'பதற்றம்' என்று எழுதியிருப்பேன். "சரி, மார்க் எதுவும் இல்லை, இந்தப் படிகளை மட்டும் செஞ்சு காட்டு" என்றேன்.

டிராலியைத் தள்ளிவந்து, நோயாளிக்குப் பதிலாகக் கிடத்தியிருக்கும் பொம்மையான மேனிகினின் வலப்பக்கம் நின்றாள். டிராலி கால்மாட்டில், அவளுடைய வலக்கைப் பக்கம். எல்லா லேபிலும் அப்படித்தான் வைத்திருப்போம். வலக்கையில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுத்தாள், காஸைப் பிடித்தாள், முனை ஆடியது. இரண்டாவது காஸில் தடுமாறி, ஒரு நொடி நின்று, தன்னையறியாமல் ஃபோர்செப்ஸை இடக்கைக்கு மாற்றினாள். கை உடனே நிதானமாகிவிட்டது. ஆனால் காஸ் தட்டு வலப்பக்கம். இடக்கை உடம்புக்குக் குறுக்கே, தட்டின் மேலாகத்தான் போக வேண்டும். மூன்று தாளில் இருந்த தவறுகளும் என் கண் முன்னால் வரிசையாக வந்தன.

"நீ இடது கைப் பழக்கமா?"

"இல்ல மேம். எழுதுறது வலது கைதான்."

"வீட்டில காய் நறுக்குறது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னாள். முதலாம் ஆண்டு ஊசி போடும் லேபில் இடக்கையில் சிரிஞ்சைப் பிடித்தபோது, 'பேஷன்ட்டுக்கு இடது கையால செய்வியா?' என்று எல்லோர் முன்னாலும் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து யாராவது பார்த்தால் வலக்கை, தனியாக இருந்தால் இடக்கை. நம் ஊரில் இடக்கையால் காசு கொடுத்தாலே முகம் சுளிப்பார்கள். அந்தப் பழக்கத்தை நாம் லேபுக்குள்ளும் கொண்டுவந்து, அதைத் தொழில் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டோம்.

திட்டம் மூன்று வாரம், வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம். அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மறுதேர்வுத் தேதியும், அதுவரை வார்டில் அவள் தனியாக டிரெஸிங் செய்யக் கூடாது, ஸ்டாஃப் நர்ஸோ நானோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தன. இரண்டாவதைச் சொன்னபோது முகம் வாடினாள். அதை மட்டும் நான் தளர்த்தவில்லை. மாணவிக்கு மரியாதை கொடுப்பது நோயாளியின் காயத்தை வைத்து அல்ல.

முதல் இரண்டு நாளும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் மட்டும்தான். இது பலருக்குத் தெரியாது: அதன் பூட்டு வலக்கைக்காகவே செய்யப்பட்டது. வலக்கையில் கட்டைவிரல் இயல்பாக வளையத்தை வெளியே தள்ளும்போது பற்கள் விலகிப் பூட்டு திறக்கும். இடக்கையில் அதே அழுத்தம் பற்களை இன்னும் இறுக்கும். அதனால்தான் அவளுக்குக் காஸ் விடுபடாமல், கையை உதறவேண்டி வந்தது. இடக்கையில் திறக்க, கட்டைவிரலால் ஒரு வளையத்தை உள்ளங்கைப் பக்கம் இழுத்து, மற்ற விரல்களால் அடுத்த வளையத்தை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். காய்ந்த காஸை எடுத்து கிட்னி டிரேயில் போடு, மறுபடி எடு. இருபது தடவைக்குள் பிடிபட்டுவிட்டது.

செய்துகாட்ட பெய்ட்டனின் நான்கு படி முறையைப் பயன்படுத்தினேன். பேசாமல் இயல்பான வேகத்தில் ஒருமுறை நான் செய்வேன். அடுத்து விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வேன். மூன்றாவதாக அவள் சொல்லச் சொல்ல, சொன்னதை மட்டும் நான் செய்வேன். கடைசியில் அவள் சொல்லிக்கொண்டே செய்வாள். நான் வலக்கைக்காரி, அதனால் பக்கத்தில் நிற்காமல் மேனிகினுக்கு அந்தப்பக்கம் எதிரே நின்று செய்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல என் வலக்கை அவளுக்கு இடக்கையாகத் தெரியும். மூன்றாவது படியில்தான் உண்மை வெளிவரும். "அடுத்த காஸை எடுங்க மேம்" என்றாள். காயத்தைத் தொட்ட ஃபோர்செப்ஸாலேயே எடுக்கப் போனேன். "ஐயோ, அது இல்ல" என்று அவளே நிறுத்தினாள். எந்த முனை எதைத் தொடக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாம் நாள் நிற்கும் இடத்தை மாற்றினோம். மேனிகினின் இடப்பக்கம் நின்றால் கால்மாட்டில் இருக்கும் டிராலி அவளுடைய இடக்கைக்கு வந்துவிடும், தட்டைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் வார்டில் சில கட்டில்கள் சுவரோரம் கிடக்கும், இடப்பக்கம் நிற்கவே முடியாது. அதற்கும் ஒரு நாள் ஒதுக்கினோம். வலப்பக்கமே நின்று, டிராலியைத் தலைமாட்டுப் பக்கம் வைத்து, நோயாளியை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்லிச் செய்வது. தட்டு மூச்சுக்கு அருகில் வருவதால் இது இரண்டாம்பட்சம்தான். முடிந்தால் கட்டிலை இழுத்துக்கொள் என்றேன்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் ஐந்து நிமிடம் பேசுவோம். முதலில் அவள் சொல்ல வேண்டும், பிறகு நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்வேன். 'அவசரப்படுற' என்று சொன்னால் அது அவளைப் பற்றிய தீர்ப்பு, அதை வைத்து அவளால் எதையும் திருத்த முடியாது. 'மூணாவது காஸ்ல ஃபோர்செப்ஸ் முனை மேல பார்த்து இருந்தது, ஈரம் பிடிக்கிற பக்கம் ஓடி வந்து திரும்ப முனைக்கு இறங்கும்' என்றால் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் சொல்லவில்லை. நோயாளி முன்னாலோ மற்ற மாணவிகள் முன்னாலோ திருத்த வேண்டி வந்தால் "நிறுத்து, க்ளவ்ஸ் மாத்திக்கோ" என்பதோடு சரி, மற்றது வெளியே வந்த பிறகு.

நான் அதிக நேரம் செலவழித்தது வேறொன்றில். விழுந்த காஸை அவள் ஏன் எடுத்தாள்? ஸ்டெரைல் உடைந்ததை ஒப்புக்கொண்டால் ஃபெயில் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் செக்லிஸ்டில் அப்படி இல்லை. உடைந்ததைக் கவனிக்காமல் தொடர்வதுதான் ஃபெயில். அதனால் நானே பயிற்சியின் நடுவில் வேண்டுமென்றே தட்டின் ஓரத்தைத் தொடுவேன், அவள் சத்தமாகச் சொல்லி மாற்ற வேண்டும். முதல் சில தடவை பார்த்தும் பேசாமல் இருந்தாள். மேமிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம். நாளைக்கு டாக்டர் தொட்டாலும் இதே தயக்கம்தான் வரும்.

மறுதேர்வுக்கு முன் துறைக் கூட்டத்தில் ஒரு ஆசிரியை கேட்டார்: "ஒருத்திக்கு மட்டும் டிராலியை இடம் மாற்றினால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?" நியாயமான கேள்விதான். செக்லிஸ்டில் ஒரு படியைக்கூட நான் எடுக்கச் சொல்லவில்லை, நேரமும் அதே பன்னிரண்டு நிமிடம். தட்டுக்கு மேல் கை போகக் கூடாது என்பதைத்தான் பரிசோதிக்கிறோம், எந்தக் கை என்பதை அல்ல என்றேன். அவருக்கு அரை மனதுதான். அதனால் அவரையே தேர்வாளராக வரச் சொன்னேன். பயிற்சி கொடுத்த நானே மதிப்பெண் போடுவதும் சரியில்லை.

தேர்வன்று நான் உள்ளே போகவில்லை. தாள் பிறகு கைக்கு வந்தது. எட்டாவது நிமிடத்தில் க்ளவ்ஸ் விரல் போர்வையில் பட்டிருக்கிறது. "ஸ்டெரைல் உடைஞ்சிருச்சு, மாத்திக்கிறேன்" என்று சொல்லி மாற்றியிருக்கிறாள். அதனால் நேரம் ஒரு நிமிடம் கூடி, அதற்கான மதிப்பெண் போயிருந்தது. மற்றபடி தேர்ச்சி. குறிப்புக் கட்டத்தில் அந்த ஆசிரியை எழுதியிருந்தார்: 'க்ளவ்ஸ் போர்வையில் பட்டதை நோயாளியிடம் சொல்லி, புது க்ளவ்ஸ் அணிந்து, காயத்தை மறுபடி நடுவிலிருந்து சுத்தம் செய்தார்.'

அடுத்த வாரம் லேபில் இரண்டாவது டிராலி ஒன்றை இடப்பக்கம் போட்டு வைத்தோம். முதல் நாளே வேறு வகுப்பிலிருந்து இரண்டு பேர் எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.